மாம்பழத் தோலைத் தின்னலாமா?

மாம்பழம் தின்னும்போது தோலை என்ன செய்கிறீர்கள்? இந்தக் கேள்வியை உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "சீவி எறிந்துவிடுவேன்" என்பார் ஒருவர். "தோலோடு கடித்துத் தின்பேன்" என்பார் இன்னொருவர். "தோலைத் தின்றால் வாய் வெந்துபோகும் என்று பாட்டி சொல்லியிருக்கிறார்" என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் முற்றிலும் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஒரே தோல் ஒருவருக்கு உணவாகவும் மற்றொருவருக்கு அரிப்பாகவும் இருப்பது எப்படி என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய செய்தி.

நாம் தின்றுகொண்டுதான் இருக்கிறோம்

முதலில் ஓர் உண்மையை நினைவில் கொள்வோம். தமிழ்நாட்டில் மாந்தோலைத் தின்னாதவர்கள் மிகக் குறைவு. கோடைக்காலத்தில் சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் செங்கற்பட்டுக்குப் போகும் மின்ரயிலில் ஏறுங்கள். அல்லது மாமல்லபுரம் கடற்கரைக்குப் போங்கள். கிளிமூக்கு மாங்காயைப் பத்தை போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பார்கள். அந்தப் பத்தையில் தோல் இருக்கும். நாம் அதைச் சீவி எடுப்பதில்லை. மாவடுவை முழுதாகவே கடிக்கிறோம். ஆவக்காய் ஊறுகாயிலும், மாங்காய் போட்ட சாம்பாரிலும் தோல் கூடவே வருகிறது.

ஆகவே, "மாந்தோல் வயிற்றுக்கு நஞ்சா?" என்று கேட்டால், இல்லை என்பதே விடை. ஒரு கிலோ மாம்பழத்தில் ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் வரை தோல்தான். அதில் நார்ப்பொருள் மிகுதி. பழத்துக்கு மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் வகைப் பொருள்களும், துவர்ப்புத் தரும் பொருள்களும் உண்டு. பழுத்த பழத்தின் தோலை நாம் ஒதுக்குவதற்கு முக்கியமான காரணம் சுவைதான். உள்ளே தேனாக இனிக்கும் சதையோடு சேர்த்து மென்றால், தோலின் கசப்பும் துவர்ப்பும் தடிப்பும் நாவுக்குப் பிடிப்பதில்லை.

அப்படியானால் பாட்டி சொன்ன புண் எங்கிருந்து வருகிறது? அதற்குத் தோலை விட்டுச் சற்று மேலே, காம்புக்குப் போக வேண்டும்.

காம்பில் அடைபட்டிருக்கும் அழுத்தம்

மரத்திலிருந்து ஒரு மாங்காயைக் கிள்ளினால் காம்படியிலிருந்து பால் பீறிட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அந்தப் பீறிடல்தான் முதலில் கண்ணில் படுகிறது. ஒரு நீர்மம் பீறிட வேண்டுமானால், அது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்க வேண்டும். மாங்காயின் காம்பிலும் தோலிலும் மெல்லிய பால்குழாய்கள் வலைபோல ஓடுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள செல்கள் நீரை உறிஞ்சி விம்மி, அந்தக் குழாய்களை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கின்றன. சதைக்குள் இந்தக் குழாய்கள் அநேகமாக இல்லை.

காம்பில் காய்க்குச் சற்று மேலே ஒரு கணு உண்டு. பழுத்த பழம் தானாக உதிரும்போது அந்த இடத்தில்தான் கழன்றுகொள்ளும். கணுவுக்கு மேலே வெட்டி, காம்பு நீளமாக இருக்கும்படி பறித்தால், பால் பெரும்பாலும் வெளியே வராது. கணுவில் ஒடித்தால், முழு அழுத்தமும் ஒரே நொடியில் திறந்துகொள்ளும். அப்போது பால் சிறு பிச்சாங்குழாய்போலப் பாயும். முதலில் வேகமாகப் பாய்கிறது. பிறகு மெல்லக் கசிகிறது. இந்த இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மாம்பாலை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து அசையாமல் வைத்தால் அது இரண்டு அடுக்காகப் பிரிகிறது. மேலே மிதப்பது எண்ணெய் போன்ற பகுதி. கீழே நிற்பது நீரும் பிசினும் புரதமும் கலந்த பகுதி. முதலில் பீறிடும் பாலில் எண்ணெய் மிகுதி. பின்னால் கசியும் பாலில் நீர்ப்பகுதியே மிகுதி. தீங்கு செய்வது மேலே மிதக்கும் எண்ணெய்தான். அது மாங்காயின் தோலையே சுட்டுவிடும். கடையில் வாங்கும் பழத்தில் காம்பிலிருந்து கீழ்நோக்கி ஒழுகிய கருப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கு அன்று. பால் ஒழுகிய வழியில் தோல் கருகிய அடையாளம். இதைத் தவிர்க்கத்தான் ஏற்றுமதிக்குப் பழம் அனுப்புவோர் காம்போடு பறித்து, பிறகு காம்பை நறுக்கி, பழத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாலை வடித்துவிடுகிறார்கள்.

பழத்தின் தோலையே சுடும் எண்ணெய், உங்கள் உதட்டோரத்தை விட்டுவைக்குமா? மரத்தடியிலேயே மாங்காயைக் கிள்ளிக் கடிக்கும் பிள்ளைகளின் வாயோரம் எரிந்து, அடுத்த நாள் கருத்துப் பொருக்குத் தட்டுவது இதனால்தான். இது ஒருவகைச் சூடு. போதிய அளவு பால் பட்டால் யாருக்கும் வரும். பட்ட இடத்தில் மட்டும் வரும். இதற்கு ஒவ்வாமை என்று பெயர் இல்லை.

தலையும் வாலும்

மாம்பாலின் எண்ணெயில் எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள் பல உண்டு. மாங்காய் வாசனை என்று நாம் சொல்வதில் அவற்றின் பங்கு பெரிது. உடனடிச் சூட்டுக்கு அவையும் காரணமாகின்றன. ஆனால் அவை சிறிது நேரத்தில் காற்றோடு போய்விடும். எண்ணெயில் எளிதில் ஆவியாகாத வேறொரு பொருளும் இருக்கிறது. தோலிலும் அது இருக்கிறது. நம் கதையின் நாயகன் அதுதான்.

அதன் மூலக்கூற்றை ஒரு தலைப்பிரட்டையாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலை என்பது 6 கார்பன் அணுக்கள் அறுகோணமாக அமைந்த பென்சீன் வளையம். அதன் இரண்டு மூலைகளில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி ஒவ்வொன்று தொங்குகிறது. இன்னொரு மூலையிலிருந்து 15 அல்லது 17 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட வால் நீள்கிறது. இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளும் ஒன்றுவிட்ட மூலைகளில் இருக்கும் இத்தகைய தலைக்கு ரெசார்சினால் என்று பெயர். ஆகவே மாந்தோலில் இருப்பவற்றை வால் முளைத்த ரெசார்சினால்கள் என்று சொல்லலாம்.

மரம் ஏன் இதைச் செய்துவைக்கிறது? நம்மை அரிக்க வைப்பதற்காக அல்ல. 1980களில் இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் இந்தப் பொருள் பூசணங்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று கண்டார்கள். பூசண வித்துகள் பிஞ்சுப் பருவத்திலேயே மாங்காயின் தோலில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் தோலில் ரெசார்சினால் மிகுந்திருக்கும் வரை அவை வளர முடியாமல் உறங்கிக் கிடக்கின்றன. பழம் பழுக்கப் பழுக்க அந்தப் பொருளின் அளவு குறைகிறது. உடனே பூசணம் விழித்துக்கொள்கிறது. நேற்று வரை மாசு மருவில்லாமல் இருந்த பழத்தில் இன்று கரும்புள்ளிகள் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் மாம்பழ வகைகளின் நோய் எதிர்ப்பைப் பற்றி இதே வழியில் ஆராய்ந்திருக்கிறார்கள். காயின் தோலைவிடப் பழத்தின் தோல் சற்றுச் சாதுவாக இருப்பதும் இதனால்தான் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அந்த வாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கொழுப்பை விரும்பும், நீரை வெறுக்கும். நம் தோலின் மேலடுக்கில் கொழுப்புப் பொருள்கள் இருக்கின்றன. ஆகவே விரலில் பட்ட எண்ணெய் அந்த அடுக்கில் எளிதில் புகுந்துகொள்கிறது. வெறும் தண்ணீரில் கையைக் கழுவினால் அது போவதில்லை.

இதை ஆபத்தில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் சிறிது மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளங்கையில் தடவுங்கள். குழாயைத் திறந்து தண்ணீரில் மட்டும் காட்டுங்கள். நீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். மஞ்சள் எண்ணெய் அப்படியே நிற்கும். இப்போது சோப்புப் போடுங்கள். முதலில் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். அது சோப்பில் உள்ள காரத்தின் வேலை. பிறகு எண்ணெய் நுரையோடு போய்விடும். மாம்பாலுக்கும் இதே விதிதான். நகக்கண்ணில் எவ்வளவு நேரம் மஞ்சள் தங்குகிறது என்பதையும் கவனியுங்கள். மாம்பால் பட்ட கையால் கண்ணையோ கழுத்தையோ தொட்டால் அங்கும் தடிப்பு வருவது ஏன் என்பது விளங்கும்.

சேங்கொட்டையின் உறவினர்

மாமரத்துக்கு ஒரு பெரிய குடும்பம் உண்டு. பண்ருட்டிப் பக்கம் விளையும் முந்திரி அதன் உறவு. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையைப் புண்ணாக்கும். அதனால்தான் ஓடு உடைக்கும் தொழிலாளர்கள் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்கிறார்கள். நாட்டு மருந்தில் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று சொல்லப்படும் சேங்கொட்டையும் இதே குடும்பம். அமெரிக்கக் காடுகளில் படரும் பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடியும், ஜப்பானில் அரக்குப் பூச்சுக்குப் பால் தரும் மரமும் இதே குடும்பம்தான்.

ஜப்பானிய மொழியில் அந்த அரக்குக்கு உருஷி என்று பெயர். அதில் அரிப்பை உண்டாக்கும் பொருளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிகோ மஜிமா என்ற வேதியியலார் ஆராய்ந்து அதன் அமைப்பை வெளிப்படுத்தினார். அதற்கு உருஷியால் என்று பெயர் வந்தது. அதுவும் தலையும் வாலும் கொண்ட தலைப்பிரட்டைதான். அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் அடுத்தடுத்த மூலைகளில் இருக்கின்றன. மாங்காயில் ஒன்றுவிட்டு ஒன்று. வேறுபாடு அவ்வளவுதான். இந்தச் சிறு வேறுபாட்டை நம் உடல் எப்போதும் பார்ப்பதில்லை என்பதைச் சிறிது நேரத்தில் காண்போம்.

உடல் ஏன் ஒரு நாள் காத்திருக்கிறது?

ஒவ்வாமைத் தடிப்பு, மேலே சொன்ன சூட்டிலிருந்து முற்றிலும் வேறானது. சூடு உடனே தெரியும். ஒவ்வாமை பெரும்பாலும் ஒரு நாள் கழித்து, சில வேளை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். முதலில் அரிப்பு, பிறகு சிவந்த தடிப்பு, அதன்மேல் நீர் கோத்த சிறு கொப்புளங்கள். உதட்டைச் சுற்றியும், கன்னத்திலும், விரல் இடுக்கிலும் மிகுதியாகக் காணப்படும். இந்தத் தாமதம்தான் அதன் முத்திரை.

தாமதம் ஏன்? ரெசார்சினால் மூலக்கூறு மிகச் சிறியது. நம் உடலின் காவலர்கள் அவ்வளவு சிறிய பொருளைத் தனியே அடையாளம் காண்பதில்லை. ஆனால் அது தோலுக்குள் புகுந்து, அங்குள்ள புரதத்தோடு பிணைந்துகொண்டால் கதை மாறுகிறது. நம்முடைய சொந்தப் புரதமே இப்போது வேற்று முகம் காட்டுகிறது. தோலில் நட்சத்திரம் போலக் கைகளை நீட்டியிருக்கும் ஒருவகைச் செல்கள் உண்டு. 1868ஆம் ஆண்டில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் அவற்றைக் கண்டார். அவர் பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. அவை மாறுபட்ட புரதத்தின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, நாம் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே டி-செல்கள் எனப்படும் வெள்ளணுக்களிடம் அதைக் காட்டுகின்றன. அந்த முகத்தை அறிந்துகொண்ட டி-செல்கள் பெருகுகின்றன.

முதல் தடவை இந்தப் பாடம் முடிய ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் எண்ணெய் போயிருக்கும். ஆகவே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் பாடம் மறப்பதில்லை. அடுத்த முறை அதே பொருள் பட்டால், பயிற்சி பெற்ற டி-செல்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து அழற்சியை உண்டாக்கும். அவை வந்து சேரும் நேரம்தான் அந்த ஒன்றிரண்டு நாள். கொப்புளம் உடைந்து நீர் பட்டால் தடிப்பு பரவும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நீரில் எண்ணெய் இல்லை. ஆகவே அது பரப்பாது. கழுவப்படாமல் விரலிலும் துணியிலும் தங்கிய எண்ணெய்தான் புது இடங்களுக்குப் போகிறது.

மாந்தோப்பில் பதினேழு பேர்

இனி நம் முதன்மையான கேள்விக்கு வருவோம். எல்லாரும் மாங்காய் தொடுகிறார்கள். சிலருக்கு மட்டும் ஏன் தடிப்பு?

2005ஆம் ஆண்டில் மூன்று இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள் ஒரு நிகழ்ச்சியை வெளியிட்டார்கள். கோடை முகாமுக்காக அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் அங்கே மாந்தோப்பில் காய் பறித்தார்கள். அவர்களில் 17 பேருக்குத் தடிப்பு வந்தது. சிலருக்குச் சிறிதாக, சிலருக்குக் கடுமையாக. அதே தோப்பில், அதே வேலையைச் செய்த இஸ்ரேல் நாட்டுத் தோழர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதை ஒரு துப்பறியும் கதைபோல ஆராயுங்கள். மரம் ஒன்று, பால் ஒன்று, வெயில் ஒன்று. ஆகவே காரணம் தோப்பில் இல்லை. ஆட்களின் பழைய வரலாற்றில் இருக்க வேண்டும். அந்த 17 பேரும் இதற்கு முன் மாங்காயைத் தொட்டதாக நினைவில்லை என்றார்கள். இது வியப்பானது. முதல் முறை தொடுபவருக்குப் பாடம் கற்கவே 10 நாளுக்கு மேல் ஆகும் என்று பார்த்தோம். முன்பே கற்காமல் தடிப்பு எப்படி வரும்? விடை அவர்களுடைய சொந்த ஊரில் இருந்தது. அவர்கள் அனைவரும் பாய்சன் ஐவியையோ அதன் இனத்துச் செடியையோ முன்பு தொட்டிருந்தவர்கள். அல்லது அவை மிகுந்த பகுதிகளில் வாழ்ந்தவர்கள். அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் கொடி ஒத்துக்கொள்வதில்லை. அவர்களுடைய டி-செல்கள் உருஷியாலின் முகத்தை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தன. மாங்காய் ரெசார்சினால் அதன் தம்பிபோலத் தோற்றம் காட்டியதும், அண்ணன் என்றே நினைத்துப் பாய்ந்துவிட்டன.

இந்தியாவிலும் இதே நாடகம் முன்பே நடந்திருக்கிறது. நம் சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாத குறி போடச் சேங்கொட்டையின் சாற்றைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்குச் சட்டையில் அந்தக் குறி பட்ட இடத்தில் தடிப்பும் கொப்புளமும் வந்தன. 1943ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் இது பதிவாகியிருக்கிறது.

சரி, உள்ளூர்த் தோழர்கள் தப்பியது எப்படி? அவர்களுக்கு ஐவியின் பழக்கம் இல்லை என்பது பாதி விடை. மறுபாதிக்கு அந்த மருத்துவர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அவர்கள் சிறு வயது முதல் மாம்பழம் தின்றவர்கள். அந்தப் பொருள் தோல் வழியாக அல்ல, வாய் வழியாக முதலில் உடலுக்கு அறிமுகமானது. வாய் வழியாக வருவதைப் பொதுவாக உணவு என்று ஏற்று, அதன்மேல் போர் தொடுக்காமல் இருக்க நம் உடல் பழகிக்கொள்கிறது.

இது வெறும் கற்பனை அன்று. 1946ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த மெரில் சேஸ் கினிப்பன்றிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும் ஒரு வேதிப்பொருளை முதலில் அவற்றுக்கு உணவாகக் கொடுத்தார். பிறகு அதே பொருளால் தோலில் ஒவ்வாமையை உண்டாக்க முயன்றபோது, அந்த விலங்குகளில் ஒவ்வாமை எளிதில் உண்டாகவில்லை. வாய் முந்திக்கொண்டால் தோல் அமைதியாக இருக்கிறது என்பது அப்போதே தெரிந்தது.

இப்போது கிளிமூக்குப் பத்தையையும் மாவடுவையும் நினைத்துப் பாருங்கள். பல் முளைத்த நாள் முதல் நாம் தின்றுவரும் அந்தத் தோல், நம்மில் பெரும்பாலோருக்கு மாமரத்தோடு ஒரு சமாதான உடன்படிக்கையைச் செய்து கொடுத்திருக்கலாம். "இருக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இஸ்ரேல் மருத்துவர்கள் கண்டது ஒரு கூர்மையான கவனிப்பு. திட்டமிட்ட சோதனை அன்று. சேஸ் செய்தது சோதனை. ஆனால் விலங்குகளில், வேறொரு பொருளை வைத்து. இரண்டையும் சேர்த்தால் ஒரு நல்ல விளக்கம் கிடைக்கிறது, முற்றுப்புள்ளி கிடைப்பதில்லை. இந்த உடன்படிக்கை எல்லாருக்கும் வாய்ப்பதும் இல்லை. நம் நாட்டிலும் மாம்பாலால் தடிப்பு வருபவர்கள் இருக்கிறார்கள். அத்தகையவர் தோலைத் தின்று பழகி ஒவ்வாமையைப் போக்கிக்கொள்ளலாம் என்று முயலக்கூடாது. தோலில் ஒவ்வாமை ஏற்பட்ட பிறகு வாயால் தின்றால் அது மோசமாகவும் ஆகலாம்.

தின்பதற்கு முன்

இவ்வளவும் தெரிந்த பிறகு, வீட்டில் பெரியவர்கள் செய்யும் சில செயல்களுக்குப் பொருள் விளங்கும். மாம்பழத்தை வாளித் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். சூடு தணியும் என்பார்கள். காம்படியில் உலர்ந்து ஒட்டிய பாலில் பிசின் இருக்கிறது. அது நீரில் ஊறி இளகும். பிறகு நன்றாகத் தேய்த்துக் கழுவினால், தன்னோடு எண்ணெயையும் கொண்டு வரும். சப்பித் தின்னும் நாட்டுப் பழமானால், காம்பைக் கிள்ளி முதல் சில சொட்டுகளைப் பிதுக்கி எறிவார்கள். முதலில் வருவதில்தான் எண்ணெய் மிகுதி என்று நாம் படித்தோம் அல்லவா? சமையலில் மாங்காய் நறுக்கும்போது காம்படியை வட்டமாக வெட்டி ஒதுக்குவதும் அதனால்தான்.

ஆகவே தோலோடு தின்ன விரும்புகிறவர் காம்படியை வெட்டி எறிந்துவிட்டு, பழத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவித் தின்னலாம். ஆனால் கழுவுவதால் பூச்சிமருந்து முழுவதும் போய்விடும் என்று சொல்ல முடியாது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. இருந்தும் சிலர் செய்கிறார்கள். எங்கே விளைந்தது, எப்படிப் பழுத்தது என்று தெரியாத பழமானால் தோலைச் சீவிவிடுவதே நல்லது.

உங்களுக்கு முன்பு உதட்டில் தடிப்பு வந்திருக்கிறதா? அது எப்போது தொடங்கியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தின்ற சில நிமிடங்களில் பட்ட இடம் மட்டும் எரிந்திருந்தால் அது பெரும்பாலும் பாலின் சூடு. அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ அரிப்போடு தடித்திருந்தால் ஒவ்வாமை என்று ஐயுறலாம்; தோல் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களும் மாம்பழத்தை அடியோடு மறக்க வேண்டியதில்லை. சதையில் அந்தப் பொருள் மிகக் குறைவு. ஆனால் தோலை நீங்கள் சீவக்கூடாது. வேறொருவர் சீவி, கையையும் கத்தியையும் சோப்பால் கழுவி, பிறகு சதையைத் துண்டு போட்டுத் தர வேண்டும். தோல் சீவிய கத்தியாலேயே சதையை நறுக்கினால், எண்ணெய் அதனோடு வந்துவிடும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அரிதானது, ஆனால் அறிந்திருக்க வேண்டும். மாம்பழச் சதையில் உள்ள புரதமே சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவர்களுக்குத் தின்ற சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றலாம். அப்போது காரணம் ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாம்பால் கையில் பட்டால் என்ன செய்வது? நேரம்தான் முக்கியம். எண்ணெய் தோலுக்குள் புகுவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆகவே முகத்தைத் தொடுவதற்கு முன், துணியில் துடைப்பதற்கு முன், சோப்புப் போட்டுக் கையையும் நகக்கண்ணையும் கழுவிவிடுங்கள். மாங்காய் பறிக்கப் போகிறவர், காயைக் கணுவில் ஒடிக்காமல் விரல் நீளக் காம்போடு வெட்டட்டும். பிறகு காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்து நறுக்கி, பால் முழுவதும் தரையில் வடியும் வரை பொறுத்திருக்கட்டும். அதற்குப் பிறகு உப்பும் மிளகாய்த்தூளும் தேடினால் போதும்.